40 சதவீதம் லாபம் வைத்து, 30 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 10 நிற்க வேண்டும்தானே?

நைட்டிக்கடை, ஜூன் 9, இரவு 10.40

கோபி பக்கம் சின்ன ஜவுளிக் கடை. நைட்டி, உள்பாவாடை, குழந்தைகளுக்கான ஃபிராக். திங்கள் ராத்திரி ஈரோடு கனி மார்க்கெட் போய் எடுத்து வருவேன். காட்டன் நைட்டி 300க்கு எடுத்து 40 சதவீதம் ஏற்றி 420க்கு விற்கிறேன். போன ஆடிக்கு 30 சதவீதம் தள்ளுபடி போட்டேன். 210 பீஸ் போனது. 40ல் 30 போனால் 10 சதவீதம் நிற்கும், பீசுக்கு 30 ரூபாய், மொத்தம் 6,300 என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆடி முடிந்து கல்லாவை எண்ணினால் மறுபடி சரக்கெடுக்கவே பணம் பத்தவில்லை. திருட்டு எதுவும் இல்லை, கடையில் நானும் இன்னொரு பெண்ணும்தான். இந்த வருஷம் போர்டு எழுதக் கொடுப்பதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே போனது அந்தப் பணம்?

பலசரக்கு, ஜூன் 9, இரவு 11.05

கடன் கொடுத்திருப்பீர்கள். ஆடியில் எல்லாரும் அப்புறம் தருகிறேன் என்றுதான் எடுத்துப் போவார்கள். நோட்டைப் பாருங்கள்.

நைட்டிக்கடை, ஜூன் 9, இரவு 11.12

பார்த்துவிட்டேன். ஆடியில் கடன் கிடையாது என்று எழுதியே ஒட்டியிருந்தேன்.

பழைய கணக்கர், ஜூன் 10, காலை 6.15

தங்கச்சி, 420ல் 30 சதவீதம் எவ்வளவு என்று மட்டும் போட்டுப் பாருங்கள்.

நைட்டிக்கடை, ஜூன் 10, காலை 6.50

126. அப்படியென்றால் விற்றது 294க்கு. வாங்கியதோ 300.

பீசுக்கு 6 ரூபாய் கையை விட்டுக் கொடுத்திருக்கிறேன். காபி ஆறிப்போகும் வரை இந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய கணக்கர், ஜூன் 10, காலை 7.30

முப்பத்திரண்டு வருஷம் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினேன். சில்லறைக் கடைக்காரர்கள் வருஷா வருஷம் ஆவணி மாதம் வந்து இதே கேள்வியைக் கேட்பார்கள்.

நீங்கள் ஏற்றிய 40 சதவீதம், அடக்கத்தின் மேல். தள்ளுபடி கொடுத்த 30 சதவீதம், விற்கும் விலையின் மேல். ஒன்று 300ல் எடுத்த பங்கு, மற்றது 420ல் எடுத்த பங்கு. சதவீதக் குறி ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டீர்கள். 420ல் உங்கள் லாபம் 120 ரூபாய். அது 420ல் எத்தனை பங்கு என்றால் 28.57 சதவீதம். அதற்கு மேல் எவ்வளவு கழித்தாலும் அசலில் கை வைக்கிறீர்கள்.

மனக்கணக்காகச் செய்ய ஒரு வழி உண்டு. எங்கள் முதலாளி பேனா இல்லாமலே சொல்வார். அடக்கத்தில் கால் பங்கு ஏற்றினால் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு நிற்கும். மூன்றில் ஒன்று ஏற்றினால் நான்கில் ஒன்று. பாதி ஏற்றினால் மூன்றில் ஒன்று. முழுசாக ஒரு மடங்கு ஏற்றினால்தான் பாதி. கீழே உள்ள எண்ணில் ஒன்று கூடிக்கொண்டே போகும். ஏற்றுவதை மார்க்கப் என்றும் நிற்பதை மார்ஜின் என்றும் இப்போது சொல்கிறார்கள். நாங்கள் ஏற்றம், நிற்பது என்றே பேசிக்கொள்வோம்.

பலசரக்கு, ஜூன் 10, காலை 9.20

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டும் ஒன்றுதான். நான் எண்ணெய்க்கு 5 சதவீதம் வைக்கிறேன். 100க்கு வாங்கி 105. அதை 105ல் எடுத்துப் பார்த்தாலும் 4.76. கால் ரூபாய்கூட வித்தியாசம் வரவில்லை. பதினெட்டு வருஷமாக இப்படித்தான் கடை நடத்துகிறேன்.

பழைய கணக்கர், ஜூன் 10, காலை 10.00

உங்கள் எண்ணெய்க்கும் அரிசிக்கும் நீங்கள் சொல்வது சரிதான் தம்பி. ஏற்றம் சின்னதாக இருக்கும்வரை இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். ஏற்றம் கூடக் கூட விலகும். 5க்கு 4.76. 40க்கு 28.57. 100க்கு 50. ஜவுளி, பாத்திரம், ஃபேன்சி எல்லாம் இந்த விலகல் உள்ள இடத்தில்தான் இருக்கின்றன. உங்கள் கடையிலேயே பிளாஸ்டிக் சாமான் விற்றால் அதில் பாருங்கள்.

புதுக்கடை, ஜூன் 10, மதியம் 1.45

மார்ஜின் என்பது பேங்க் லோனில் நாம் கையிலிருந்து போட வேண்டிய பணம்தானே? எனக்கு மேனேஜர் 25 சதவீதம் மார்ஜின் கொண்டு வரச் சொன்னார். 4 லட்சம் திட்டத்துக்கு 1 லட்சம் நான் போட வேண்டும். இது 3 லட்சத்தில் 25 சதவீதமா, 4 லட்சத்திலா என்று அன்றைக்கு எனக்கும் குழப்பம்.

பழைய கணக்கர், ஜூன் 10, மதியம் 2.10

அது வேறு மார்ஜின் தம்பி. ஆனால் கேள்வியின் உயிர் ஒன்றுதான். எதில் 25 என்று முதலில் கேட்க வேண்டும். உங்களுடையது 4 லட்சத்தில்.

நைட்டிக்கடை, ஜூன் 10, இரவு 10.15

மதியம் முழுக்க இதே நினைப்பு. 6 ரூபாய் நஷ்டம் என்றால் 210 பீசுக்கு 1,260தான். கல்லாவில் குறைந்தது அதைவிட நிறைய. இன்னும் ஏதோ இருக்கிறது.

பலசரக்கு, ஜூன் 10, இரவு 10.40

ஜிஎஸ்டியை விட்டுவிட்டீர்கள் அக்கா. 420ல் 20 ரூபாய் அரசாங்கத்துக்கு. உங்களுக்கு வருவது 400தான்.

பழைய கணக்கர், ஜூன் 11, காலை 6.20

தம்பி சொல்வது பாதி சரி. பில் போட்டு வரி வசூலிக்கும் கடை என்றால் 420 என்பது 400ம் அதன் மேல் 5 சதவீதமும். அவர்கள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், எனவே அடக்கம் 300தான். தங்கச்சி, நீங்கள் எந்த வகை? மொத்தக் கடை பில்லில் 300க்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? பார்சல் கூலியையும் சொல்லுங்கள்.

நைட்டிக்கடை, ஜூன் 11, காலை 9.10

ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். பில்லை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பீசுக்கும் 300, கீழே வரி 15. இதுவரை 300ஐ மட்டும்தான் விலை என்று நினைத்து வந்திருக்கிறேன். வரி தனியாகப் போகிற செலவு என்று மனசில் ஒதுக்கிவிட்டேன். மூட்டைக்கு லாரி ஆபீஸ் வாடகையும் சுமை கூலியும் சேர்ந்து 300, மூட்டையில் 100 பீஸ். ஆகப் பீசுக்கு 3.

பழைய கணக்கர், ஜூன் 11, காலை 9.50

அங்கேதான் இருக்கிறது மீதிப் பணம். காம்போசிஷனில் இருப்பவர் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது, வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கவும் முடியாது. எனவே அந்த 15 உங்கள் அடக்கத்தில் சேரும். 300, 15, 3. அடக்கம் 318. அப்புறம் விற்ற தொகையில் 1 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும். அது விற்கும் விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும், அதனால் அதை அடக்கத்தில் சேர்க்காமல் கடைசியில் கழியுங்கள்.

சாதாரண நாளில் 420க்கு விற்றால் வரி 4.20 போய், 318 போய், நிற்பது 97.80. விற்பனையில் 23.3 சதவீதம். நீங்கள் 40 என்று நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்.

ஆடியில் 294க்கு விற்றதில் வரி 2.94. 294ல் 318ம் 2.94ம் கழித்தால் பீசுக்கு 26.94 நஷ்டம். 210ஆல் பெருக்குங்கள்.

நைட்டிக்கடை, ஜூன் 11, காலை 10.05

5,657.

6,300 வரும் என்று நினைத்தேன். 5,657 போயிருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 12,000. சரக்கெடுக்கப் பத்தாமல் போனதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த மாதம் சீட்டுப் பணத்தை உடைத்துத்தான் மார்க்கெட் போனேன்.

மருந்துக்கடை, ஜூன் 11, இரவு 9.30

இதைப் படித்துவிட்டு என் கதையையும் சொல்லத் தோன்றியது. அரசு விலை கட்டுப்படுத்தும் மருந்துகளுக்கு 2013ல் வந்த விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் மார்ஜின். ஆணையிலேயே மார்ஜின் என்ற சொல்தான் இருக்கிறது. ஆனால் சூத்திரத்தைப் பார்த்தால் கடைக்குக் கொடுக்கும் சராசரி விலையின் மேல் 16 ஏற்றுகிறார்கள். 100க்கு 116. விற்பனையில் எடுத்தால் 13.8தான். கடை போட்ட முதல் வருஷம் இது தெரியாமல் மாத விற்பனையை 16ஆல் பெருக்கி வாடகைக்கு ஒப்புக்கொண்டேன். மாதா மாதம் விற்பனையில் 2 சதவீதத்துக்கு மேல் துண்டு விழுந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, சூத்திரம் வெளிப்படையாகத்தான் எழுதியிருக்கிறது. சொல்லை நம்பி நான் சூத்திரத்தைப் படிக்கவில்லை.

பலசரக்கு, ஜூன் 12, காலை 8.40

நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டு என் பில்களை எடுத்தேன். பிஸ்கட் கம்பெனி ஆள் 20 சதவீதம் மார்ஜின் என்று சொல்லிவிட்டுப் போன சரக்கு. எனக்கு 100க்கு வருகிறது, எம்ஆர்பி 120. 20 ரூபாயை 120ல் எடுத்தால் 16.67. அவர் பொய் சொல்லவில்லை, கொள்முதலின் மேல் சொல்லியிருக்கிறார். இன்னொரு கம்பெனி 18 என்று சொன்னதால் அதை ஒதுக்கினேன். அவர் எம்ஆர்பியில் சொல்லியிருந்தால் அதுதான் எனக்கு லாபம். இனி எதில் என்று கேட்பேன். இரண்டும் ஒன்றுதான் என்று நான் மேலே எழுதியது எண்ணெய்க்கு மட்டும் பொருந்தும்.

நைட்டிக்கடை, ஜூன் 13, இரவு 11.00

சரி, இனி விலை வைக்கும் வேலை. முதலில் கடைக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதினேன். வாடகை 12,000, பெண்ணுக்குச் சம்பளம் 11,000, கரண்ட் 2,500, கவர், டீ, போன் எல்லாம் 1,500. மொத்தம் 27,000. மாத விற்பனை சராசரி 1,80,000. அப்படியென்றால் விற்கிற ஒவ்வொரு 100 ரூபாயிலும் 15 ரூபாய் கடையே சாப்பிடுகிறது.

பழைய கணக்கர் ஏன் விற்பனையில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார் என்று இப்போது புரிகிறது. கல்லாவில் நான் தினமும் எண்ணுவது விற்பனையைத்தான். அதில் எத்தனை பங்கு நிற்கிறது என்று தெரிந்தால் வாடகையோடு நேராக ஒப்பிடலாம். எல்லாச் சரக்குக்கும் இதே ஏற்றம்தான் வைக்கிறேன். எனவே 23.3 நின்றால் மாதம் 41,940. 27,000 போக எனக்கு 14,940. இதுவரை 40 என்று நம்பி, 72,000ல் செலவு போக 45,000 எனக்கு வர வேண்டும், எங்கோ கசிகிறது என்று என்னையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். எதுவும் கசியவில்லை. அந்தப் பணம் முதலிலிருந்தே இல்லை.

ஆடித் தள்ளுபடிக்கும் போட்டுப் பார்த்தேன். தள்ளுபடி 30, எனக்கு 15 நிற்க வேண்டும், வரி 1. மொத்தம் 46. மீதி 54. 318ஐ 0.54ஆல் வகுத்தால் 589. என் நைட்டியில் எம்ஆர்பி 599 என்று ஒட்டித்தான் வருகிறது, அதற்குள் இருக்கிறது. ஆனால் 589 என்று சீட்டு வைத்தால் யார் கடைக்குள் வருவார்கள்?

பழைய கணக்கர், ஜூன் 14, காலை 6.10

அடக்கத்தை மீதிப் பங்கால் வகுத்தீர்கள், அது சரியான வழி. ஆனால் மூன்றையும் ஒன்றாகக் கூட்டியது பழைய தவறே வேறு உருவத்தில் வந்தது. தள்ளுபடி சீட்டு விலையில் எடுக்கும் பங்கு. லாபமும் வரியும் தள்ளுபடி போன பிறகு கைக்கு வரும் பணத்தில் எடுக்கும் பங்கு. எனவே இரண்டு தடவை வகுக்க வேண்டும்.

முதலில் கைக்கு எவ்வளவு வர வேண்டும்? 318ஐ 0.84ஆல் வகுத்தால் 378.57. அடுத்து, 30 சதவீதம் கழித்து 378.57 வர சீட்டில் என்ன இருக்க வேண்டும்? அதை 0.70ஆல் வகுத்தால் 541. 589 வேண்டாம்.

பேரன் கம்ப்யூட்டரில் இப்படிப் போட்டுக் கொடுத்தான். B2 கட்டத்தில் அடக்கம்.

```
=B2/(1-0.15-0.01)/(1-0.30)
```

540 என்று முழு எண்ணாக வைத்தால் தள்ளுபடிக்குப் பின் 378. வரி 3.78. நிற்பது 56.22. விற்பனையில் 14.9.

பலசரக்கு, ஜூன் 14, காலை 7.15

கடை கால்குலேட்டரில் MU என்று ஒரு பொத்தான் இருக்கிறது, இதுவரை தொட்டதே இல்லை. 318 ÷ 15 MU அழுத்தினேன், 374.11 வந்தது. 318 + 15 % அழுத்தினால் 365.70. எது சரி?

பழைய கணக்கர், ஜூன் 14, காலை 7.40

விற்பனையில் 15 நிற்க வேண்டும் என்றால் 374.11. பொத்தானில் இருக்கும் எழுத்து மார்க்கப் என்பதன் சுருக்கம், உள்ளே அது செய்வதோ நிற்பதைக் கணக்கிடுவது. எல்லா மிஷினும் ஒன்றுபோல் இருக்காது. 80 ÷ 20 MU போடுங்கள். 100 வந்தால் அது விற்பனையில் கணக்குப் பார்க்கும் மிஷின்.

பலசரக்கு, ஜூன் 14, காலை 7.44

100 வருகிறது.

நைட்டிக்கடை, ஜூன் 15, இரவு 10.30

540ல் 30 சதவீதம் கழித்தால் 378. இன்று வேறு ஒன்றைக் கவனித்தேன். இப்போதைய 420ல் 10 சதவீதம் கழித்தாலும் 378. ஒரே பணம். ஒன்றில் போர்டில் 30 என்று பெரிதாக எழுதலாம், மற்றதில் 10.

எனக்கு 540 வைக்கப் பிடிக்கவில்லை. வைகாசியில் 420 கொடுத்து எடுத்துப் போனவள் ஆடியில் 540ஐ அடித்து 378 என்று எழுதியதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? எங்கள் ஊரில் ஒரே நைட்டியை மூன்று வீட்டில் வைத்து விலை பேசுவார்கள்.

போன வருஷம் நான் எதிர்பார்த்த 6,300 வர, பீசுக்கு 56.22 என்றால் 112 பீஸ் விற்றால் போதும். போன வருஷத்தில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம்.

புதுக்கடை, ஜூன் 15, இரவு 11.10

அக்கா, 10 சதவீதம் என்று போர்டு வைத்தால் பக்கத்துத் தெருவில் 50 என்று எழுதியிருப்பவனிடம்தான் போவார்கள். மக்கள் கணக்குப் போடுவதில்லை, போர்டைப் படிக்கிறார்கள். ஆடி ஒரு மாதம், அதில் மட்டும் 540 வைப்பதில் என்ன தப்பு? எம்ஆர்பிக்குள்தானே இருக்கிறது.

மருந்துக்கடை, ஜூன் 16, காலை 8.00

எனக்கு உடன்பாடில்லை. என் வீட்டில் வாங்குவது என் மனைவி. போர்டைப் படிப்பாள், ஆனால் கடைசியில் எவ்வளவு கொடுத்தோம் என்பதைத்தான் ஞாபகம் வைத்திருப்பாள்.

பழைய கணக்கர், ஜூன் 16, காலை 8.45

இது கணக்கில் முடியாத கேள்வி. இரண்டு வழியும் ஓடிய கடைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆடியில் விற்பனை கூடினாலும் வாடகை கூடாது. 27,000 அதே 27,000தான். மாதம் 2,70,000 விற்றால் கடை சாப்பிடுவது 15 இல்லை, 10. அதனால் ஆடியில் மட்டும் 12 நின்றாலும் பாதகமில்லை என்று நீங்கள் முடிவு செய்யலாம். ஆனால் அடக்கத்தைத் தொடாத எல்லை எங்கே என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். 420 சீட்டு, 318 அடக்கம், 1 வரி. விலை இறங்கினால் வரியும் இறங்கும், எனவே 23.5க்கு மேல் கழித்தால் அசல் போகும்.

நைட்டிக்கடை, ஜூன் 18, இரவு 10.00

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிச் சரக்கு 40 நைட்டி இருக்கிறது. மடிப்பில் வெளுத்துக் கோடு விழுந்துவிட்டது. அதை 294க்கே கொடுத்துவிடலாமா? 40 பீசுக்கு நஷ்டம் 1,078. ஆனால் 11,760 பணமாகக் கைக்கு வரும், அதில் புதுச் சரக்கு எடுக்கலாம்.

பலசரக்கு, ஜூன் 18, இரவு 10.25

நஷ்டத்துக்கு எதற்கு விற்கிறீர்கள்? இன்னும் ஒரு வருஷம் வைத்திருங்கள். துணி கெட்டா போய்விடும்?

நைட்டிக்கடை, ஜூன் 18, இரவு 10.50

கெட்டுப்போகிறதே அண்ணே. இப்போது கோடு, அடுத்த வருஷம் பூச்சி. அந்த 40 அடைத்திருக்கும் அலமாரித் தட்டில்தான் புது ஃபிராக் வைக்க வேண்டும்.

பழைய கணக்கர், ஜூன் 19, காலை 6.30

கொடுங்கள். ஆனால் தனிக் கூடையில், தனிச் சீட்டில், நோட்டிலும் தனிப் பக்கத்தில். புதுச் சரக்கின் விற்பனையோடு கலந்தால் எது நின்றது எது போனது என்று மறுபடி தெரியாமல் போகும்.

நைட்டிக்கடை, ஜூலை 21, இரவு 10.20

ஆடி பிறந்து ஐந்தாம் நாள். போர்டில் "420 நைட்டி 378" என்று மட்டும் எழுதினேன், சதவீதமே போடவில்லை. பழைய 40ஐ வாசலில் பிளாஸ்டிக் கூடையில் மஞ்சள் சீட்டோடு வைத்தேன், 31 போய்விட்டது.

புதுச் சரக்கு ஐந்து நாளில் 19 பீஸ். போன வருஷம் முதல் ஐந்து நாளில் 47. மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. பக்கத்துத் தெரு 50 சதவீதக் கடையில் கூட்டம், இங்கிருந்தே சத்தம் கேட்கிறது. ஆனால் நோட்டைத் திறந்தால் இந்த 19ல் 1,068 ரூபாய் நின்றிருக்கிறது. போன வருஷத்து 47ல் 1,266 போயிருக்கிறது. ஒரு அம்மா 378ஐப் பார்த்துவிட்டு, ஏன் கண்ணு, நீ மட்டும் ஆடி போடவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து இரண்டு எடுத்தார்.

112க்கு இன்னும் 93 பீஸ். ஆடிப் பதினெட்டு முடிந்ததும் எண்ணிக்கையைப் போடுகிறேன்.

புதுக்கடை, ஜூலை 21, இரவு 10.35

பதினெட்டுக்குள் 112 வராவிட்டால்?

நைட்டிக்கடை, ஜூலை 21, இரவு 10.41

357 வரைக்கும் இறங்குவேன், 15 சதவீதத் தள்ளுபடி. அங்கே பீசுக்கு 35 ரூபாய் 43 பைசா நிற்கிறது. அதற்கான சீட்டை எழுதி மேஜைக்குள் வைத்திருக்கிறேன், இன்னும் ஒட்டவில்லை.